மாற விரும்பும் காரணம்

ஆறு நாளாக விட்டு விட்டு மழை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கோழித் தீவன ஆலையின் வாசலில் மக்காச்சோள லாரிகள் பதினொன்று தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றன. ஒவ்வொரு லாரியிலிருந்தும் மாதிரி எடுத்து, ஈரம் எவ்வளவு, பூஞ்சை நஞ்சு எவ்வளவு என்று பார்த்து ஆய்வகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் லோடு இறங்கும். ஈரம் பதினாலு சதவீதத்தைத் தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். மழைக்காலத்தில் அந்தப் பதினாலை வைத்துத்தான் ஆலைக்குள் எல்லாச் சண்டையும் நடக்கும்.

சத்யபிரியா அந்த ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக இருந்தாள். பிறந்தது ராசிபுரம், வாழ்க்கைப்பட்டது சேலம் அஸ்தம்பட்டி. கணவன் ஜெயபிரகாஷ் சூரமங்கலத்தில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. மகள் தமிழினி இரண்டாம் வகுப்பு. காலையில் ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் இரண்டு பஸ் மாறி எட்டரைக்கு ஆலைக்கு வந்து சேருவாள். சாயங்காலம் மகள் தூங்கி வழியும் நேரத்தில்தான் திரும்ப வீட்டு வாசற்படி ஏறுவாள். சேலத்துக்குள்ளேயே ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் தன் விவரங்களைப் பதிந்து வைத்திருந்தாள். தன் ஆலைக்காரர்கள் கண்ணில் படக்கூடாதென்று தளத்தில் ஆலையின் பெயரைக் கொடுத்து, அவர்கள் தேடினால் தன் விவரம் தெரியாதபடி மறைத்தும் வைத்திருந்தாள். அதற்கப்புறம் ஒரு சில அழைப்புகள் வந்தன, ஒன்றும் கூடி வரவில்லை. அவளும் மறந்துவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத் தமிழினியின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மதியத்துக்கு மேல் அரைநாள் விடுப்பு வேண்டும் என்று முந்தின வாரமே சொல்லி வைத்திருந்தாள். காலையில் வந்ததும் கந்தப்பன் கையை விரித்துவிட்டார்.

கந்தப்பன்தான் ஆய்வகத் தலைவர். ஐம்பத்து மூன்று வயது. அந்த ஆலை தொடங்கிய வருடம் சேர்ந்தவர். சீட்டில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை உள்ளே போகாது. அலமாரிச் சாவி, மெஷின்களைச் சரிபார்க்கும் பதிவேடு, நிறுவனத்தின் முதலாளியோடு பேசும் ஃபோன், எல்லாம் அவரிடம்தான். யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் யாரையும் நம்பி ஒரு வேலையை முழுசாக விட்டுவிடவும் மாட்டார்.

"பதினோரு லாரி நிக்குதே அம்மிணி, எப்புடி உடறது? நாளைக்கு வேணா போய்க்க" என்றார்.

"மீட்டிங் இன்னைக்குத்தானுங்க சார்."

"ஊட்டுக்காரரப் போவச் சொல்லேன்" என்றுவிட்டு அவர் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

பதினொன்றே காலுக்கு ஆத்தூர்ப் பக்கத்து லோடு ஒன்று வந்தது. சத்யபிரியா ஈரம் பார்த்தாள். பதிமூன்று புள்ளி எட்டு. சீட்டு எழுதப் போனவளைக் கந்தப்பன் நிறுத்தினார். நடு மூட்டையில் குத்தி எடுத்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். பார்த்தாள். பதினாலு புள்ளி ஒன்று. அடி மூட்டையில் எடுத்து மறுபடியும் பார் என்றார். லாரிக்காரர் கீழே நின்று கத்தினார். கொள்முதல் பிரிவிலிருந்து இரண்டு தடவை ஃபோன் வந்தது. அவளுடைய கையுறைக்குள் வியர்த்தது. கூட்டத்துக்கு ஜெயபிரகாஷாலும் போக முடியாதாம், மேலதிகாரி வந்திருக்கிறாராம். அந்தச் செய்தியைப் படித்து முடிக்கவும் அடுத்த செய்தி வந்து விழுந்தது. தெரியாத எண்.

'வணக்கம் மேடம். நான் கௌசிக், கோவையில் ஆள்சேர்ப்பு ஆலோசனை நிறுவனத்திலிருந்து. சேலம் - நாமக்கல் பகுதியில் முன்னணித் தீவன நிறுவனம் ஒன்றுக்கு ஆய்வகப் பொறுப்பாளர் தேவை. எம்.எஸ்ஸி. வேதியியல், எட்டு வருடத்துக்கு மேல் அனுபவம். தளத்தில் உங்கள் விவரம் பார்த்தேன், பொருத்தமாக இருக்கிறது. விருப்பமா?'

முதலில் ஏமாற்று வேலையாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். வீட்டிலிருந்தே ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போட்டால் தினம் மூவாயிரம் என்று வாரம் ஒரு செய்தி அவளுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த மாதிரி ஆட்களுக்கு அவள் என்ன படித்தாள், எத்தனை வருடம் வேலை பார்த்தாள் என்று தெரியாது. இவன் பணம் எதுவும் கேட்கவில்லை. சேலம் என்ற சொல்லில்தான் அவள் கண் நின்றது. பக்கத்தில் இருந்த நாமக்கல்லை அது தாண்டிப் போய்விட்டது.

ஒற்றைக் கையால் கையுறையைக் கழற்றி, 'விருப்பம்தான். இப்போது வேலையில் இருக்கிறேன்' என்று அனுப்பினாள்.

அடுத்த நிமிடமே பதில் வந்துவிட்டது. இப்போதைய நிறுவனம், மொத்த அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், விலகுவதற்கு முன் கொடுக்க வேண்டிய நோட்டீஸ் காலம், மாற விரும்பும் காரணம். இவற்றை நிரப்பி, புது ரெஸ்யூமையும் சேர்த்து அனுப்புங்கள், இன்றைக்கே பட்டியலை மூட வேண்டும்.

அடி மூட்டையின் மாதிரியை ராசாத்தி கொண்டுவந்து வைத்தாள். ராசாத்தி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள், ஆள் குறைந்தால் மாதிரியும் எடுத்து வருவாள். மெஷினில் சோளத்தைக் கொட்டிவிட்டு, அது ஓடி முடிக்கும் நேரத்தில் சத்யபிரியா ஒவ்வொரு வரியாக நிரப்பினாள். கடைசி வரிக்கு வந்தபோது கந்தப்பன் கதவில் தலையை நீட்டினார்.

"எவ்வளவு காட்டுது?"

"பதினாலு புள்ளி ஆறுங்க."

"பாத்தியா. நானே ஒருக்கா பாத்துடறேன், நீ நகரு."

அவள் நகர்ந்தாள். மூன்று முறை பார்த்த லோடை அவர் நான்காவது முறையாகப் பார்க்க உட்கார்ந்தார். ஜன்னலோரம் நின்று, அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே அந்தக் கடைசி வரியை அடித்தாள்.

'வளர்ச்சி இல்லை. ஆய்வகத் தலைவர் எதையும் கையைவிட்டு விடமாட்டார், யாரையும் நம்பமாட்டார். அவர் ஓய்வு பெறும்வரை இன்னும் ஐந்து வருடத்துக்கு இங்கே வேறு யாருக்கும் வாய்ப்பில்லை.'

ஆங்கிலத்தில் இரண்டே வரி. ஃபோனிலேயே கிடந்த ரெஸ்யூமை இணைத்து அனுப்பிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். பிறகு மாலை வரை ஃபோனை எடுக்கவே நேரமில்லை. மூன்று மணியும் நாலு மணியும் எப்போது போயின என்று தெரியவில்லை.

கௌசிக் கூப்பிட்டபோது அவள் சேலம் பஸ்ஸில் இருந்தாள். நின்றுகொண்டு வந்து, ராசிபுரத்தில்தான் இடம் கிடைத்திருந்தது. இளம் குரல். வேகமாகப் பேசினான்.

"மேடம், உங்க ப்ரொஃபைல் சூப்பரா பொருந்துது. கிளையண்டுக்கு அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா? எந்தக் கம்பெனின்னே நீங்க சொல்லலிங்களே."

"கான்ஃபிடென்ஷியல் மேடம். ஷார்ட்லிஸ்ட் ஆனதும் சொல்லிடுவேன். நீங்கதானே விருப்பம்னு போட்டு டீட்டெயில்ஸ் அனுப்பினீங்க? மதியம் ரெண்டு மணிக்கே ஷீட் போயிடுச்சு."

"சேலத்துல எங்கங்க?"

"சேலம் இல்ல மேடம், நாமக்கல் சைடு. வேலை விவரம் மெயில்ல அனுப்பியிருக்கேன், பாருங்க."

ஃபோனை வைத்துவிட்டு மெயிலைத் திறந்தாள். கம்பெனி பெயர் இல்லை. ஆய்வகத்தில் ஆறு பேர். இரண்டு ஷிஃப்ட். புரதமும் ஈரமும் சில நிமிடங்களில் சொல்லும் ஜெர்மன் மெஷின், அதன் மாடல் எண் உட்பட. நேரடியாக முதலாளியிடம் பொறுப்பு. கொள்முதல் பிரிவோடு ஒத்துப்போகத் தெரிந்திருக்க வேண்டும். வயது நாற்பதுக்குள். உடனே சேரக்கூடியவர்.

அந்த மெஷின் போன வருடம் சித்திரையில் வந்தது. பெட்டியைப் பிரித்தபோது அவளும் பக்கத்தில் நின்றாள். மாடல் எண்ணை அவள் தினமும் துடைக்கிறாள்.

மல்லூர் தாண்டும்வரை அவள் அந்த மெயிலையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தாள். ஆறு பேர், இரண்டு ஷிஃப்ட். ஆய்வகத் தலைவர் என்று அந்த ஆலையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் கந்தப்பன் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் அந்த நாற்காலிக்கு ஆள் தேடுகிறார்கள். அந்தத் தேடலுக்குள் அவள் தானாகவே போய் விழுந்திருக்கிறாள். ஆலையின் கண்ணுக்குத் தன்னை மறைத்து வைத்தாளே தவிர, ஆலைக்காக ஆள் தேடுகிறவனின் கண்ணுக்கு மறைக்க வழியில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கௌசிக்கைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"தம்பி, உங்க கிளையண்டு நான் இப்ப வேலை செய்யற கம்பெனியேதாங்க. ஷீட்ல எங் கம்பெனி பேரப் போட்டிருந்தேனே, பாக்கலியா?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு, "ஐயோ மேடம்" என்றான். "ஒரு நாளைக்கு நாப்பது ப்ரொஃபைல் அனுப்பணும். நான் கவனிக்கல. சாரி மேடம்."

"எம் பேர எடுத்துடுங்க. அந்த வரிய மட்டுமாவது எடுத்துடுங்க, தம்பி. மாறுற காரணம்னு போட்டனே, அத."

"வாபஸ்னு உடனே மெயில் போட்டுடறேன் மேடம். ஆனா அவங்க ஷீட்டத் திறந்திருந்தா..." அவன் முடிக்கவில்லை.

வீட்டில் ஜெயபிரகாஷ் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். தமிழினி கூட்டத்துக்கு யாரும் வராத கோபத்தில் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நீ வேணும்னா செஞ்ச? தெரியாம நடந்தது. பேசாம இரு" என்றான். "அவரத் தூக்கறதுன்னு அவங்க முடிவு பண்ணித்தானே ஆள் தேடறாங்க. நீ எழுதினதாலயா?"

"அவருகிட்டச் சொல்லிப்போடறதுதாங்க நல்லது."

"சொல்லி? நீ அவரப்பத்தி எழுதினதயும் சொல்லுவியா?"

அவள் தமிழினிக்குப் போர்வையை இழுத்து விட்டாள்.

மறுநாள் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனாள். கந்தப்பன் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மழை ஓய்ந்திருந்தது, லாரிகளும் குறைந்திருந்தன.

"நேத்து உன்னப் போவ உடாமப் பண்ணிப்போட்டேன். ஊட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி திட்டறா. பாப்பா அழுதுச்சா?"

"இல்லிங்க சார்."

"இன்னைக்கு ரெண்டு மணிக்கே கெளம்பிக்க. டீச்சரத் தனியாப் போயிப் பாத்துடு. கையெழுத்து நான் போட்டுக்கறேன்."

சொல்ல வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். அன்றைக்கு இரண்டு மணிக்குக் கிளம்பவும் செய்தாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, தான் திட்டப்பட்டிருந்தால் தேவலை என்று தோன்றிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மதியம் மனிதவளப் பிரிவு மேலாளர் தனசேகர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். மேசைமேல் ஒரு தாள் இருந்தது. கட்டம் கட்டமாக அச்சிட்ட அட்டவணை. தன் பெயர் நான்காவது வரிசையில் இருப்பதை அவள் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

"உக்காருங்க மேடம். வெளிய பாத்துட்டு இருக்கீங்கபோல" என்று சிரித்தார். "தப்பில்ல. யார்தான் பாக்கல. ஆனா எங்க தேடினாலும் நம்மகிட்டயே வந்து நிக்கறீங்களே."

"நான் வாபஸ் வாங்கிட்டனுங்க சார். மெயில் வந்திருக்கும்."

"வந்துச்சு. அத விடுங்க. வெளியாள எதுக்கு எடுக்கணும்னு முதலாளிகிட்டப் பேசினேன். உங்களுக்கே குடுக்கலாம்ங்கறார். மெஷின் தெரியும், ஆளுங்க தெரியும். சம்பளமும் நீங்க கேட்டதவிடக் கொஞ்சம் கூடவே தரலாம்."

"கந்தப்பன் சாருங்க?"

"அது முடிவாயிடுச்சு. இந்தச் சீசன்ல மட்டும் முப்பத்து நாலு லோடு திருப்பி அனுப்பியிருக்கார். கொள்முதல்ல யாரும் அவர்கூட வேலை பாக்க முடியாதுங்கறாங்க. ஆனா லோடத் திருப்பினார்ங்கறதுக்காக ஒருத்தர வெளிய அனுப்ப முடியுமா? எழுத்துல அப்படி ஒரு காரணம் வைக்க முடியாது." அவர் தாளை லேசாகத் தட்டினார். "இது நல்லாயிருக்கு. அவருக்குக் கீழ இருக்கறவங்களே வளர முடியலன்னு சொல்றாங்க. அவர் யாரையும் நம்பறதில்ல. நான் எழுதல, ஒம்பது வருஷம் கூட இருந்தவங்க எழுதினது."

சத்யபிரியா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"அது அன்னைக்கு லீவு குடுக்கலன்னு கோவத்துல எழுதுனதுங்க சார். அவருகிட்ட அதக் காட்டிராதீங்க. சாமி புண்ணியமாப் போவுது."

"பேர மறைச்சுத்தான் சொல்லுவோம்" என்றார் தனசேகர். "நாளைக்குக் காலைல அவர்கிட்டப் பேசறோம். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் வாய் திறக்க வேண்டாம். யோசிச்சுட்டு திங்கக்கிழமை சொல்லுங்க."

"எனக்கு அந்த வேலை வேண்டாமுங்க."

"திங்கக்கிழமை சொல்லுங்க" என்றார் அவர் மறுபடியும், அவள் சொன்னது காதில் விழாதவர்போல.

சாயங்காலம் கந்தப்பன் எடைமேடைக்குப் பக்கத்தில் தனியாக நின்று, வண்டிக்குப் போகத் தூறலில் குடை விரித்துக்கொண்டிருந்தபோது அவள் ஓடிப்போய் நிறுத்தினாள்.

"சார், உங்க எடத்துக்கு ஆள் தேடறாங்க. கோயமுத்தூர்ல ஒரு ஏஜென்சி மூலமா. நாளைக்கு உங்களக் கூப்பிட்டுப் பேசுவாங்க. தயாரா இருங்க."

அவர் குடையை விரிப்பதை விட்டார்.

"உனக்கெப்புடித் தெரியும்?"

"அந்த ஏஜென்சிக்காரன் எனக்கு மெசேஜ் போட்டிருந்தானுங்க. கம்பெனி பேரில்லாம. வேலை விவரத்தப் படிச்சதும் தெரிஞ்சுபோச்சு."

அது பொய்யில்லை. ஆனால் மிச்சமிருந்த பாதியை அவள் சொல்லவில்லை. இப்போது சொல், இப்போதே சொல் என்று உள்ளே ஏதோ இடித்தது. பேரை மறைத்துத்தானே சொல்வார்கள், தெரியாமலேயே போனாலும் போய்விடும் என்று இன்னொன்று சமாதானம் சொன்னது. அவள் இரண்டாவதைக் கேட்டாள்.

கந்தப்பன் கொஞ்ச நேரம் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவளுடைய தலையில் கை வைக்காத குறையாக, "நல்லா இருப்ப சாமி. நீ ஒருத்தியாவது சொன்னியே" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவரை அழைத்தார்கள். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தார். ஆய்வகத்தில் ராசாத்தியும் சத்யபிரியாவும் இருந்தார்கள். ராசாத்தியிடம், "வெளிய மாதிரி எடுக்கோணும், பாரு போ" என்றார். வெளியே லாரி ஒன்றும் நிற்கவில்லை. ராசாத்தி அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வெளியே போனாள்.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேரில்லாமத்தான் படிச்சாங்க. அஞ்சு வருசம் இருக்குதுன்னு கணக்காப் போட்டிருந்துச்சு. எனக்கு எத்தன வருசம் பாக்கின்னு எங்கிட்டக் கேட்டது நீ ஒருத்திதான், ஆயுதபூச அன்னைக்கு."

அவள் அழத் தொடங்கினாள்.

"ஆள் தேடறாங்கன்னு சொன்னியே அம்மிணி. நீ எழுதுனதச் சொல்லலியே."

"தெரியாமப் போட்டுட்டனுங்க சார். நம்ம கம்பெனின்னு தெரியாதுங்க. அன்னைக்கு, அந்த ஆத்தூர் லோடு பாக்கறப்ப... கோவத்துல..."

"தெரியாமத்தான் போட்டிருப்ப. அது எனக்குத் தெரியும்." அவருடைய குரல் ஏறவே இல்லை. "நேத்துத் தெரிஞ்சுதுல்ல? நேத்துச் சொல்லியிருந்தீன்னா, படிக்கறப்ப நான் யாரு யாருன்னு தேடாம உக்காந்திருப்பேன். எவன் எழுதுனானோன்னு அவங்க முன்னால ஒவ்வொருத்தனா நெனைச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அந்த ராத்திரி ஷிஃப்ட் பையனா இருக்கும்னு மனசுக்குள்ள அவனத் திட்டிக்கூடப்போட்டேன்."



அவர் மேசை இழுப்பறையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து வைத்தார். பதிவேட்டை எடுத்து வைத்தார். முடிவில் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு, அது தன்னுடையதுதான் என்று தோன்றியதுபோல மறுபடியும் பைக்குள் செருகிக்கொண்டார். மூன்று மாதச் சம்பளம் தருகிறார்களாம், தானாக விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டாராம். முதலாளி அறைக்கே வரவில்லையாம்.

"மெஷின திங்கக்கிழமை சரிபாக்கோணும். மறந்துராத" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை சத்யபிரியா தனசேகரிடம் வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டாள். ஜெயபிரகாஷ் முந்தின நாள் முழுக்க வாதாடிப் பார்த்திருந்தான். நீ விட்டால் அவர் திரும்பி வந்துவிடுவாரா என்று கேட்டான். வரமாட்டார் என்று அவளுக்கும் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்காகவே எழுதியதுபோல ஆகிவிடும் என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. அவனுக்கு அது புரியவில்லை.

தனசேகர் தாளை வாங்கிக்கொண்டு, "உங்க இஷ்டம்" என்றார். அதற்குப் பிறகு அவர் அவளிடம் சிரித்ததில்லை. தை பிறப்பதற்குள் பெருந்துறைப் பக்கத்திலிருந்து முப்பத்தாறு வயதில் ஒருவர் வந்து பொறுப்பேற்றார். நல்ல சுறுசுறுப்பு. ஆய்வகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். விடுப்பு கேட்டால் உடனே தந்தார். ஈரம் பதினாலரை காட்டிய லோடைக் காய்ந்த லோடோடு கலந்து அரைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அவரே கையெழுத்துப் போட்டு இறக்கினார். சத்யபிரியா சொல்லிப் பார்த்தாள். "நீங்க எப்படியும் வெளிய பாக்கறவங்கதானே, எதுக்கு மேடம் டென்ஷன்?" என்றார் அவர், வேடிக்கையாகத்தான். அந்த வருடச் சம்பள உயர்வில் ஆறு பேரில் ஐந்து பேருடைய பெயர் இருந்தது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கந்தப்பனின் வீட்டுக்குப் போனாள். சேந்தமங்கலம் ரோட்டில் மாடி வைத்த சின்ன வீடு. ஃபோனில் பலமுறை கூப்பிட்டிருந்தாள். ஒருமுறை எடுத்தார், நல்லாயிருக்கேன் என்றார், வைத்துவிட்டார். நேரில் போவதென்று தீர்மானித்து, என்ன வாங்கிப் போவதென்று தெரியாமல் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்தவள் அவருடைய மனைவி வசந்தாமணி. சத்யபிரியாவை அடையாளம் தெரிந்ததும் கை கதவிலேயே நின்றது. பிறகு, "வாங்க" என்றாள். முன்பெல்லாம் வாம்மா என்று சொல்கிறவள்தான்.

"சார் இருக்காருங்களா?"

"படுத்திருக்காரு. ஒடம்பு சரியில்ல."

உள் அறையிலிருந்து செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பெண்களும் அதைக் கேட்டார்கள். வசந்தாமணி காபி கொண்டுவந்து வைத்தாள். பேச்சு ஓடவில்லை. சார் இப்போது எங்கே வேலைக்குப் போகிறார் என்று கேட்டாள் சத்யபிரியா.

"எங்க போவாரு? இத்தன வருசம் இருந்துட்டு ஏன் உட்டீங்கன்னு போற எடத்துலயெல்லாம் கேக்கறாங்களாமா. அதுக்கு என்னத்தச் சொல்லுவாரு? ரெண்டு எடத்துக்குப் போயிட்டு வந்தாரு. இப்பப் போறதில்ல."

காபியைக் குடித்து முடித்தபோது அவர் வெளியே வந்தார். தாடி நரைத்து, ஆள் உடம்பு இளைத்திருந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"பாப்பா எப்புடியிருக்குது?"

"நல்லாயிருக்குதுங்க."

"லோடு வருதா?"

"வருதுங்க சார்." கலந்து அரைப்பதைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"சார், என்ன மன்னிச்சுருங்க. அன்னைக்கு எடமேடகிட்டயே நான் முழுசாச் சொல்லியிருக்கோணும்."

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடம் அமிலமும் சோளத்தூளும் பட்டு வெளிறிய கை.

"நீ எழுதுனது பொய்யில்லியே அம்மிணி" என்றார். "பொய்யா இருந்துருந்தா உம்மேல கோவப்பட்டுட்டு மறந்திருப்பேன். நான் யாரையும் நம்பாமத்தான் இருந்தேன். ஒருத்தர்கிட்டயும் சாவியக் குடுத்ததில்ல. தூங்கப் போனா அதுதான் நெனைப்பு வருது. கெட்ட சோளம் உள்ள போயிறக்கூடாதுன்னு இருந்தேன். கூட இருக்கறவங்களுக்கு அது எப்புடி இருந்துச்சுன்னு நான் பாக்கல."

"அப்புடிச் சொல்லாதீங்க சார்."

"மன்னிப்பெல்லாம் ஒண்ணும் வேண்டாம். ஆனா இனி வராத. உன்னப் பாத்தா இதுதான் நெனைப்பு வருது." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மருந்து வேண்டாம் என்று மறுக்கும் நோயாளியைப்போல, களைத்துப்போய்ச் சொன்னார்.

அவள் எழுந்தாள். கொண்டுவந்த சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியோரம் வைத்தாள். வசந்தாமணி வாசல்வரை வந்தாள். வெயில் ஏறியிருந்தது.

"பஸ்ஸு பன்னெண்டரைக்குத்தான். வெயில்ல நிக்காதீங்க, அந்தப் பக்கம் நிழல் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சத்யபிரியா நிழலுக்குப் போகவில்லை. ரோட்டோரம் அப்படியே நின்றாள். பன்னிரண்டரை பஸ் கூட்டத்தோடு வந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சேலத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டாள். நாமக்கல் வரைதான் போகும் என்றார் கண்டக்டர். சரி, அதுவரைக்கும் கொடுங்கள் என்றாள்.